‘கொடுக்கும்’ ‘ெகாக்ம்’ ஆனது எப்படி: ஒரு பிடிஎஃப்பிலிருந்து தமிழை மீட்ட அனுபவம்

ஒரு கட்டுரைத் தொகுப்பைத் தேடிப் படிக்கக்கூடிய உரையாக மாற்றித் தரும் வேலை என்னிடம் வந்தது. பக்கம் வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பு இல்லை. அச்சுக்குப் போன பிடிஎஃப் மட்டும் மிஞ்சியிருந்தது. திரையில் பார்த்தால் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் காப்பி செய்து ஒட்டியதும் ‘கொடுக்கும்’ என்ற சொல் ‘ெகாக்ம்’ என்று வந்தது. ‘அவளை’ என்பது ‘அவைள’ ஆகிவிட்டது. நூலாசிரியர் பதறிவிட்டார். “எழுத்தெல்லாம் உடைஞ்சு போச்சே தம்பி, இனிமே முழுக்க டைப் அடிக்கணுமா?” என்று கேட்டார்.

வேண்டியதில்லை என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரியாது. இரண்டு மூன்று நாள் அந்தக் கோப்பைப் பிரித்து மேய்ந்த பிறகுதான் தெளிவு வந்தது. ‘கொடுக்கும்’ என்ற அந்த ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு திருத்தப் போனதுதான் நான் செய்த முதல் தவறு.

முதல் கோளாறு வரிசை. யூனிகோடில் ‘கொ’ என்று சேமித்தால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. நாம் உச்சரிக்கும் வரிசை அது. ஆனால் தாளில் வரையும்போது இடமிருந்து வலமாக ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று வடிவங்களை வைக்க வேண்டும். எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும் சேர்ந்து, சேமித்த வரிசையை வரையும் வரிசையாக மாற்றுகின்றன. அந்த மாற்றமெல்லாம் முடிந்த பிறகுதான் பிடிஎஃப் உருவாகிறது. அதற்குள் போவது எழுத்து இல்லை. “18-ஆம் எண் வடிவத்தை வை, பிறகு 5, பிறகு 17” என்கிற கட்டளைதான். காப்பி செய்யும்போது வியூவர் அந்த வடிவ எண்களை வந்த வரிசையிலேயே எழுத்தாக மாற்றித் தருகிறது. கொம்பு முன்னால் வந்துவிடுகிறது.

‘அவளை’ எப்படி ‘அவைள’ ஆனது என்பதை நிதானமாகப் பார்த்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும். தாளில் இருந்த வரிசை: அ, வ, ஐகாரக்கொம்பு, ள. அதை அப்படியே யூனிகோடாக எடுத்து ஒட்டினால், திரையில் காட்டும் மென்பொருள் தன் விதிப்படி “கொம்பு தனக்கு முந்தைய மெய்க்கு உரியது” என்று எடுத்துக்கொண்டு வ-வோடு சேர்த்து ‘வை’ என்று காட்டிவிடுகிறது. ‘பெயர்’ போலக் கொம்பில் தொடங்கும் சொல்லில் சேர்த்துக்கொள்ள முந்தைய எழுத்தே இல்லை. அதனால்தான் அங்கே புள்ளி வட்டம் ஒன்று தெரிகிறது. ‘இல்லை’யிலும் அப்படித்தான், கொம்புக்கு முன்னால் புள்ளி வந்துவிடுகிறது. ஆக, புள்ளி வட்டம் தெரியும் இடத்தில் பிழையை உடனே பிடித்துவிடலாம். ‘அவைள’ போன்ற இடங்களில் வட்டம் எதுவும் வராது, கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது கோளாறு, அட்டவணையில் விடுபட்ட வடிவங்கள். பிடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்துருவோடும் ToUnicode என்று ஒரு அட்டவணை இருக்கலாம். இந்த வடிவ எண்ணுக்கு இந்த யூனிகோடு எழுத்து என்று சொல்லும் அட்டவணை அது. க, ட, ம போன்றவற்றுக்கு எழுத்துருவிலேயே நேரடி யூனிகோடு எண் உண்டு, அதனால் அவை அட்டவணையில் ஒழுங்காக ஏறிவிடுகின்றன. ‘கு’, ‘டு’, ‘டி’ அப்படியில்லை. எழுத்துருவுக்குள் அவை ஒட்டுமொத்தமாக வரையப்பட்ட ஒற்றை வடிவங்கள், யூனிகோடில் தனி எண் கிடையாது. கோப்பை உருவாக்கிய மென்பொருள் கொஞ்சம் அலட்சியமாக இருந்தால் இவற்றை விட்டுவிடும். என் கோப்பில் அதுதான் நடந்திருந்தது. கொம்பு, க, கால் வந்தன, டு காணோம், க் வந்தது, கு காணோம், ம் வந்தது. மீந்தது ‘ெகாக்ம்’.

கையில் ஒரு கோப்பு வந்தால் இப்போது நான் முதலில் செய்வது கோப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் `pdffonts` கட்டளையை ஓட்டுவது. அதில் `uni` என்ற பத்தியில் `yes` இருந்தால் அட்டவணை இருக்கிறது. முழுமையாக இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதை அது சொல்லாது. ஒட்டிப் பார்க்கும்போது தமிழே வராமல் `jkpo;` மாதிரி ஆங்கில எழுத்துகள் வந்தால் அது முற்றிலும் வேறு நோய். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த உரை அது, அதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும். இங்கே சொல்லும் வைத்தியம் அதற்குப் பொருந்தாது.

சரி, அட்டவணையைத் திருத்துவது எப்படி? பிடிஎஃப்பின் உள்பகுதிகள் சுருக்கப்பட்டிருக்கும், முதலில் அதை விரிக்க வேண்டும்.

```
qpdf --qdf --object-streams=disable in.pdf open.pdf
```

இப்போது `open.pdf`-ஐ எடிட்டரில் திறந்து `beginbfchar` என்று தேடினால் அட்டவணை கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் வடிவ எண், இன்னொரு பக்கம் யூனிகோடு எண், இரண்டும் பதினாறடிமான எண்களில். என் கோப்பில் `<0005>` என்பதற்கு எதிரே `<0B95>`, அதாவது க. பக்கத்தின் உரையில் `0023`, `0024` என்று எண்கள் வந்தன, அட்டவணையில் அவை இல்லை. அவைதான் காணாமல் போன டு-வும் கு-வும் என்று ஊகித்தேன்.

ஊகத்தை வைத்து எழுதிவிடக் கூடாது. நல்லவேளையாக அந்த எழுத்துருவின் முழுக் கோப்பு என்னிடம் இருந்தது. ஒரு சொல்லுக்கு எழுத்துரு எந்த வடிவ எண்களை வைக்கிறது என்று காட்டும் `hb-shape` கட்டளை மூலம் அதனிடமே கேட்டேன்.

```
hb-shape --no-glyph-names --no-positions --no-clusters font.ttf "கு"
```

விடை `[36]`. பதினாறடிமானத்தில் அது 24. ‘டு’வுக்கு 35, அதாவது 23. ஊகம் சரி. ஆனால் இதற்கு முன் ஒரு சோதனை அவசியம்: பிடிஎஃப்புக்குள் போன எழுத்துரு, முழு எழுத்துருவின் எண்களை அப்படியே வைத்திருக்கிறதா, அல்லது பயன்பட்ட வடிவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் புது எண் கொடுத்திருக்கிறதா? அட்டவணையில் ஏற்கெனவே சரியாக இருக்கும் ஐந்தாறு எழுத்துகளை எடுத்து `hb-shape` தரும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். எல்லாம் ஒத்துப்போனால் எண் மாறவில்லை.

அதன் பிறகு வேலை எளிது. பதினெட்டு மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்கள், டி, டீ, புள்ளி வைத்த எழுத்துகள், கிரந்த எழுத்துகள். இவற்றை வரிசையாகக் கேட்டு வாங்கி, அட்டவணையில் இல்லாததை மட்டும் சேர்த்தேன்.

```
2 beginbfchar
<0023> <0B9F0BC1>
<0024> <0B950BC1>
endbfchar
```

வலப்பக்கம் இரண்டு யூனிகோடு எழுத்துகள் சேர்ந்து இருப்பதைக் கவனியுங்கள். ஒரு வடிவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளையும் கொடுக்கலாம். தலைப்பில் உள்ள எண்ணிக்கை உள்ளே இருக்கும் வரிகளோடு பொருந்த வேண்டும், ஒரு தொகுதியில் 100 வரிக்கு மேல் போகக் கூடாது. சேர்த்து முடித்ததும் `fix-qdf open.pdf > fixed.pdf` என்று கொடுத்தால் உள்ளே மாறிப்போன நீளங்களை அது சரிசெய்து தரும். எடிட்டர் மட்டும் கோப்பின் பைட்டுகளைத் தானாக மாற்றாததாக இருக்க வேண்டும். நான் முதலில் பயன்படுத்திய எடிட்டர் சேமிக்கும்போது குறியாக்கத்தை மாற்றிவிட்டது, படங்கள் அத்தனையும் போயின.

அடுத்து ஒரு பள்ளத்தில் விழுந்தேன். சாதாரண எழுத்துருவுக்குச் செய்த அட்டவணையைத் தடித்த எழுத்துருவுக்கும் அப்படியே ஒட்டிவிட்டேன். உரை சுத்தமாக வந்தது போலத்தான் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் கட்டுரைத் தலைப்புகளில் மட்டும் சம்பந்தமில்லாத எழுத்துகள். பிடிஎஃப்பில் எழுத்துருப் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு `+` குறியும் இருக்கும். பயன்பட்ட வடிவங்கள் மட்டுமே உள்ள துண்டு எழுத்துரு என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி அட்டவணை, எண்களும் தனியாக இருக்கலாம். தடித்த எழுத்துருவில் எண்கள் புதிதாகக் கொடுக்கப்பட்டிருந்தன. அதற்கு `mutool extract` கொண்டு எழுத்துருவை வெளியே எடுத்து, ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து, ஒவ்வொரு வடிவத்தையும் கண்ணால் பார்த்து எழுதினேன். ஒரு மாலைப் பொழுது போனது. விடுபட்ட வடிவத்தைவிடத் தப்பாக எழுதப்பட்ட வடிவம் மோசமானது. விடுபட்டால் சொல்லில் ஓட்டை தெரியும். தப்பாக இருந்தால் வேறொரு தமிழ் எழுத்து அங்கே சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு ‘கொடுக்கும்’ எப்படி வந்தது? ‘ெகாடுக்கும்’. எல்லா எழுத்தும் வந்துவிட்டது, கொம்பு மட்டும் இன்னும் முன்னாலேயே நிற்கிறது. ToUnicode அட்டவணையால் இதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது ஒரு வடிவத்தைப் பார்க்கும், அதற்குரிய எழுத்தைக் கொடுக்கும், அடுத்ததுக்குப் போகும். இரண்டு வடிவங்களை இடம் மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. அட்டவணையை எவ்வளவு செம்மையாக எழுதினாலும் கொம்பு இடம் மாறாது.

எனக்குத் தேவை உரை மட்டும் என்பதால், `pdftotext` கொண்டு வெளியே எடுத்து அங்கே வரிசையை மாற்றினேன்.

```
import re, unicodedata
s = re.sub(r'([\u0bc6-\u0bc8]) ?(\u0b95\u0bcd\u0bb7|[\u0b95-\u0bb9])',
           r'\2\1', s)
s = unicodedata.normalize('NFC', s)
```

மூன்று கொம்புகளில் ஒன்று வந்தால் அடுத்து வரும் மெய்யை அதற்கு முன்னால் நகர்த்து என்பதுதான் இதன் பொருள். க்ஷ மூன்று யூனிகோடு எழுத்துகளால் ஆனது. அதை முதலில் சொல்லாவிட்டால் ‘க்ஷே’ பாதியில் வெட்டுப்படும். இடையில் ஒரு இடைவெளியை அனுமதித்திருப்பது, உரையை எடுக்கும் மென்பொருள் சில இடங்களில் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி சொருகிவிடுவதால். கடைசி வரி, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக, ஓகாரக் குறியாக ஆக்குகிறது. இது முக்கியம். பிரிந்து இருந்தாலும் திரையில் ‘கொ’ என்றுதான் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

அட்டவணையைத் திருத்திய பிறகுதான் இதை ஓட்ட வேண்டும். கொம்புக்கு உரிய எழுத்தே விடுபட்டிருந்தால், கொம்பு அதற்கடுத்த எழுத்தின் மேல் ஏறிக்கொள்ளும். தப்பு நடந்த தடயமும் அதோடு மறைந்துவிடும்.

ஓட்டினேன். கட்டுரைகள் அத்தனையும் அழகாக வந்தன. முன்னுரை மட்டும் நாசமாகிவிட்டது. அதில் ‘பேசினார்’ என்பது ‘பசேினார்’ என்று நின்றது. காரணம் தேடினேன். முன்னுரை பிற்பாடு வேறு மென்பொருளில் செய்து இணைக்கப்பட்டிருக்கிறது, அதில் எழுத்துகள் ஏற்கெனவே சரியான வரிசையில் வந்திருக்கின்றன. சரியாக இருந்ததை என் நிரல் கெடுத்துவிட்டது. இரண்டு தடவை ஓட்டினாலும் இதே கதிதான்.

அப்படியென்றால் ஒரு பக்கம் எந்த வரிசையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யோசித்துக்கொண்டே தாளில் நாலைந்து சொற்களை எழுதிப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் ஏராளம்: அதை, இல்லை, வேலை, வரை. வரையும் வரிசையில் இருக்கும் உரையில் ஐகாரக்கொம்பு எப்போதும் தன் எழுத்துக்கு முன்னால் இருப்பதால், ஒரு சொல்கூட ஐகாரக்கொம்பில் முடிய முடியாது. ‘அைத’, ‘இல்ைல’ என்றுதான் இருக்கும். ஆகவே ஒரு பக்கத்தில் ஐகாரக்கொம்பில் முடியும் சொற்களை எண்ணினால் போதும். பத்து இருபது இருந்தால் அது சரியான வரிசை, தொடக்கூடாது. ஒன்றுகூட இல்லை, அல்லது நடுவே சொருகிய இடைவெளியால் வந்த ஓரிரண்டு மட்டும்தான், அதோடு கொம்பில் தொடங்கும் சொற்கள் இருக்கின்றன என்றால் மாற்ற வேண்டிய பக்கம். பக்கம் பக்கமாக இப்படிப் பிரித்த பிறகு முன்னுரை தப்பியது. கொம்புக்குப் பின் இடைவெளியை அனுமதித்ததும் இந்தக் காரணத்தால்தான் ஆபத்தில்லாமல் போகிறது. சரியான வரிசையில் உள்ள உரையில் அதே விதி ‘அதை கண்டு’ என்பதைக் குதறிவிடும்.

முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு. மெய்யெழுத்து எதன் மேலும் உட்காராமல் தனியாக நிற்கும் குறிகளைத் தேடினேன்.

```
(?<![\u0b95-\u0bb9])[\u0bbe-\u0bcd\u0bd7]
```

தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் வந்தது, கடைசியில் ஒன்பது. அந்த ஒன்பதையும் அச்சுப் பக்கத்தோடு வைத்துக் கையால் திருத்தினேன்.

இந்தச் சரிபார்ப்பில் சிக்காதது ஔகாரம். ‘கௌரவம்’ என்பதில் க-வுக்குப் பின் வரும் கொம்புக்கால் பார்வைக்கு ள போலவே இருக்கும். யூனிகோடில் அதற்குத் தனி எண் உண்டு, U+0BD7. ஆனால் எழுத்துரு இரண்டுக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தால், அட்டவணையில் ஒரே ஒரு விடைதான் எழுத முடியும், அது ள-வாகத்தான் இருக்கும். உரையில் ‘கெளரவம்’ என்று வரும். இதில் ள-வுக்குப் பின் எந்தக் குறியும் இல்லை. ‘தெளிவு’, ‘வெள்ளி’ போன்ற உண்மையான ள-வுக்குப் பின் பெரும்பாலும் இகரமோ புள்ளியோ வேறு குறியோ இருக்கும். அதை வைத்து ஐயமான சொற்களைப் பட்டியல் எடுத்தேன். மௌனம், பௌர்ணமி, சௌகரியம், ஔவை என்று சிறிய பட்டியல்தான். ஆனால் இதைத் தானாக மாற்ற விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஏனென்றால் சிலர் தட்டச்சு செய்யும்போதே ள போட்டுவிடுகிறார்கள். அங்கே பிடிஎஃப்பின் மேல் குற்றமில்லை.

“பேசாமல் ஓசிஆர் போட்டிருக்கலாமே” என்று ஒரு நண்பர் கேட்டார். அட்டவணையே இல்லாத, எழுத்துகள் படமாகவோ கோடுகளாகவோ மாற்றப்பட்ட கோப்பாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஓசிஆர் ஒவ்வொரு எழுத்தையும் ஊகிக்கிறது, அதன் பிழைகள் புத்தகம் முழுக்க ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். அட்டவணையில் ‘கு’வை ஒருமுறை சரியாக எழுதினால் புத்தகத்தில் உள்ள எல்லா ‘கு’வும் சரியாகிவிடுகிறது.

உரை கிடைத்துவிட்டது. ஆனால் நூலாசிரியர் இன்னொன்று கேட்டார்: “அந்த பிடிஎஃப்லயே தேடினா கிடைக்கணும், முடியுமா?” அதற்கு ஒரு வழி உண்டு. இந்த வடிவங்கள் எல்லாம் சேர்ந்து இன்ன எழுத்து என்று பக்கத்திலேயே எழுதிவைக்கும் ActualText.

```
/Span <</ActualText <FEFF0B950BCA>>> BDC
<001200050011> Tj
EMC
```

கொம்பு, க, கால் மூன்றையும் இது ஒரு கூட்டில் அடைத்து, காப்பி செய்பவருக்கு ‘கொ’ என்று கொடு என்கிறது. வரையும் வரிசை மாறவில்லை, படிக்கும் வரிசை சரியாகிவிடுகிறது. ஒரு கட்டுரைக்கு மட்டும் நிரல் எழுதி இதைச் செய்து பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் இடைவெளியைச் சரிசெய்யும் எண்களோடு கலந்து கிடக்கும் எழுத்து வரிசைகளைக் கூடு கூடாக வெட்டி ஒட்டுவது நுணுக்கமான வேலை. ActualText-ஐ மதிக்காத வியூவர்களும் இருக்கின்றன. மீட்டெடுத்த உரை கையில் இருந்ததால் அதை வைத்தே புத்தகத்தை மறுபடி பக்கம் அமைத்தோம். நான் ஸீடெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்தேன். தொடக்கத்தில் `\XeTeXgenerateactualtext=1` என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே இந்தக் கூடுகளைப் போட்டுவிடுகிறது.

மூலக் கோப்பு இன்னும் கையில் இருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டியதில்லை. ActualText எழுதும் மென்பொருள் ஒன்றில் அதைத் திறந்து புதிதாக ஏற்றுமதி செய்தாலே போதும். அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்பிலிருந்து நாலு சொல்லைக் காப்பி செய்து வெற்று எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். நான் எப்போதும் எடுப்பது கொடுக்கும், அவளை, இல்லை, கௌரவம். முதல் சொல் வடிவ அட்டவணையையும் வரிசையையும் சேர்த்துக் காட்டும், அடுத்த இரண்டும் வரிசையை, கடைசி கொம்புக்காலை. தலைப்பு எழுத்துருவிலும் அதே நாலையும் எடுத்துப் பாருங்கள்.